ஆயர் ஈத்தாமில் வேண்டாதது, வேளச்சேரியில் வேண்டியது

ஜார்ஜ் டவுனில் என் வீட்டுக் கெட்டில் ஆறு வருடமாகத் தண்ணீர் கொதிக்கவைக்கிறது. உள்ளே இன்னும் பளபளப்புதான். சென்னை வேளச்சேரியில் அக்கா வீட்டுக் கெட்டில் இரண்டே மாதத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. அங்கே குளித்தால் சோப்பு நுரைக்காது. குழாய் வாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு.

பினாங்குத் தீவு கருங்கல் மலை. அதில் இறங்கும் மழைநீரில் சுண்ணாம்பு அதிகம் கரைவதில்லை. 1962-இல் கட்டிய ஆயர் ஈத்தாம் அணையானாலும், நமக்குப் பெரும்பங்கு தண்ணீர் தரும் மூடா ஆறானாலும், வருவது மென்மையான நீர். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீர் அப்படியல்ல.

சென்ற முறை போனபோது அத்தான் கேட்டார்: "சாஃப்ட்னர் போடலாம்னு இருக்கேன். கடைக்காரர் 25 லிட்டர் ரெசின் போதும்ங்கறார். நீ என்ன சொல்றே மாப்ளே?"

முதலில் சோதனைப் பெட்டி வாங்கினோம். ஒரு குப்பியில் கிணற்று நீரை ஊற்றிச் சாயம் போட்டால் ஒயின் சிவப்பாகிறது. அப்புறம் சொட்டுச் சொட்டாக மருந்து விட வேண்டும். எந்தச் சொட்டில் சிவப்பு மறைந்து சுத்த நீலமாகிறதோ, அந்த எண்ணிக்கைதான் கடினத்தன்மை. கணக்குப் போட்டதில் லிட்டருக்கு 450 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை.

வீட்டில் ஐந்து பேர். சமையலுக்கும் குடிக்கவும் போக நாளுக்கு 600 லிட்டர். 600-ஐ 450-ஆல் பெருக்கினால் 2,70,000 மில்லிகிராம், அதாவது 270 கிராம். சாஃப்ட்னர் தினமும் பிடித்து வைக்க வேண்டிய சுண்ணாம்பு இவ்வளவு. ஐந்து நாளைக்கு ஒருமுறை உப்பு நீரால் ரெசினைக் கழுவுவதாக வைத்துக்கொண்டோம். விருந்தாளி வந்தால் தாங்க ஒரு நாள் கூடுதல். ஆறு நாள் கணக்கு, 1,620 கிராம்.

ஒரு லிட்டர் ரெசின் எவ்வளவு பிடிக்கும் என்பது, கழுவும்போது எவ்வளவு உப்புக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. விற்பவர்கள் பெரும்பாலும் வாய் திறக்காத இடம் இது. லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்புப் போட்டால் சுமார் 45 கிராம் பிடிக்கும். 240 கிராம் போட்டால் 68 கிராம். உப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது, பலன் ஒன்றரை மடங்கு.

சிக்கனமான கணக்கில் 1,620-ஐ 45-ஆல் வகுத்தால் 36 லிட்டர் ரெசின். ஒவ்வொரு கழுவலுக்கும் உப்பு 3.6 கிலோ. கடைக்காரரின் 25 லிட்டரும் வேலை செய்யும்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆறு கிலோ உப்புக் கேட்கும். பெட்டி மலிவு, செலவு மாதாமாதம் உப்பு மூட்டையில்.

இதோடு முடிந்தது என்று எழுந்தபோதுதான் மோட்டார் ஞாபகம் வந்தது. அது மணிக்கு 2,000 லிட்டர் தள்ளுகிறது. ரெசின் தன் கொள்ளளவைப் போல் மணிக்கு நாற்பது மடங்கு வரை நீரைத் தாங்கும். 36 லிட்டருக்கு அது 1,440. அதற்கு மேல் விரட்டினால் சுண்ணாம்பு பிடிபடாமல் தப்பி ஓடும். ரெசின் புதிதாக இருந்தும் தொட்டியில் கடின நீரே சேரும். பழுது என்று ஆளைக் கூப்பிடுவோம், பழுது எதுவும் இருக்காது. மோட்டாருக்குப் பின்னால் ஒரு வால்வு வைத்து வேகத்தை 1,400-க்குக் குறைத்தோம். 600 லிட்டர் ஏற அரை மணி நேரம்கூட ஆகாது.

சமையலறைக் குழாயை சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிட்டோம். பிடித்த சுண்ணாம்புக்கு ஈடாக ரெசின் சோடியத்தை விடுகிறது. 450 கடின நீர் மென்மையாகும்போது லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் சோடியம் ஏறும். அத்தானுக்கு இரத்த அழுத்தம் உண்டு.

இதே கணக்கை ஆயர் ஈத்தாமில் போட்டுப் பாருங்கள். கடினத்தன்மை 40 என்றே வைப்போம். நாளுக்கு 24 கிராம்தான். அந்த 36 லிட்டர் ரெசின் இரண்டு மாதத்துக்கு மேல் கழுவாமல் கிடக்கும். தேங்கிய ரெசினில் கிருமி வளரும். அதைத் தவிர்க்க வாராவாரம் கழுவினால் உப்பைச் சாக்கடையில் கொட்டுவதுதான் மிச்சம். கொதிகலன் வைத்த ஆலைக்கு வேண்டுமானால் நியாயம் உண்டு, அங்கே கடினத்தன்மை பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நம் வீட்டு வாசலில் நிற்கும் மணல் வடிகட்டி வேறு சாமான், அது கலங்கலை எடுக்கும், கடினத்தைத் தொடாது.

வேளச்சேரியில் சாஃப்ட்னரைத் தாண்டி வரும் நீரில் சாயம் போட்டால் முதல் சொட்டுக்கு முன்னாலேயே நீலமாக நிற்கிறது. நம் ஊரில் யாராவது உங்கள் வாசலில் வந்து சாஃப்ட்னர் விற்றால், அந்தச் சொட்டுச் சோதனையை உங்கள் குழாய் நீரில் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். சொட்டை நீங்களே எண்ணுங்கள்.