வெளியே எடுத்த பிறகும் வறுபடும் பாதாம்

ஓவனில் பாதாம் வறுப்பவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். கதவைத் திறந்து பார்க்கும்போது நிறம் சரியாக இருக்கும். ட்ரேயை மேடைமேல் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். கால் மணி நேரம் கழித்து ஒன்றை வாயில் போட்டால் கசக்கும். ஓவனை விட்டு வெளியே வந்தபின் கருகிய பாதாம் அது.

காரணம் பருப்புக்குள்ளேயே இருக்கிறது. முதலில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வேண்டும். அதுவரை சூடு அதிகம் ஏறாது, நிறமும் மாறாது. ஈரம் வற்றியதும் சூடு விறுவிறுவென ஏறும். அப்போது பருப்பிலுள்ள புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் வருகின்றன. பருப்பை வெளியே எடுத்தாலும், சூடு தணியும்வரை அந்த வினை நிற்காது. பாதாமின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அது சூடாகவே இருக்கிறது. அடியில் உள்ள ட்ரேயும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

200 கிராம் முழு பாதாமை எடுத்துக்கொள்வோம். ஓவனை 170 டிகிரி செல்சியஸுக்கு முன்பே சூடாக்கி, பருப்பை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். ஐந்தாவது நிமிடம் ஒரு முறை கிளறிவிடுங்கள். எட்டாவது நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே நில்லுங்கள். தோலின் நிறத்தை நம்பாமல், ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உட்புறம் வெண்மை மாறி இளமஞ்சளாக இருந்தால் போதும். பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் அந்தப் பக்குவம் வந்துவிடும். உடனே ஆறிய அகலத் தட்டில் கொட்டிப் பரப்புங்கள். சூட்டில் கடித்தால் மெத்தென்றுதான் இருக்கும். அதை நம்பி மறுபடி உள்ளே வைக்க வேண்டாம், மொறுமொறுப்பு ஆறினால்தான் வரும்.

அளவு சிறுத்தால் நேரமும் சுருங்கும். அதே சூட்டில் முழு முந்திரிக்கு எட்டு முதல் பத்து நிமிடம், சீவிய பாதாமுக்கு ஐந்து அல்லது ஆறு நிமிடம். இரண்டையும் ஒரே ட்ரேயில் போட்டால் ஒன்று நிச்சயம் கெடும்.

எள்ளுக்கு ஆறு முதல் எட்டு நிமிடம் ஆகும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கிளற வேண்டும். தனி எள் சட்டென ஆறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கிண்ணத்தில் குவித்து வைத்தால் நடுவிலுள்ள எள்ளின் சூடு வெளியேற வழியில்லை, அங்கேதான் கருகும். எள்ளுப் பொடிக்குக் கறுப்பு எள் வறுக்கும்போது நிறம் பார்க்க முடியாதே என்பவர்கள், ஒரு சிட்டிகை வெள்ளை எள்ளைச் சேர்த்துப் போடலாம். அது இளம்பொன்னிறமானதும் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு ஓவனின் சூடும் ஒரு மாதிரி. முதல் தடவை ஒரு கைப்பிடி மட்டும் வறுத்து, உங்கள் ஓவனுக்கான நிமிடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.