பாய்ந்தாலும் அடி படுவது ஏன்? ஹாலோ நைட் கேமில் சுவர் தாவலும் காற்றுப் பாய்ச்சலும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் விளையாடத் தொடங்கும் கேம்களில் பிளாட்பார்மர் வகை முக்கியமானது. மேடைக்கு மேடை தாவிச் செல்வதுதான் இதில் விளையாட்டு. பழைய கேம்களில் ஓடுவதும் குதிப்பதும் தெரிந்தால் போதும். இப்போது வருபவற்றில் சுவரில் ஒட்டித் தாவுவது (வால் ஜம்ப்), காற்றிலேயே பக்கவாட்டில் பாய்வது (ஏர் டேஷ்) என இரண்டு வித்தைகள் கூடுதலாக உள்ளன. "கீயை அழுத்துகிறேன், ஆனால் பாய மறுக்கிறது", "சரியாகப் பாய்ந்தேன், ஆனாலும் அடி பட்டது" என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இருக்காது. கேமுக்குள் இருக்கும் நேரக் கணக்குதான் காரணம். 2017ல் வெளியான ஹாலோ நைட் என்ற கேமை வைத்து அந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

இந்தக் கேமில் நைட் என்னும் சிறிய வீரனை நாம் இயக்குகிறோம். தொடக்கத்தில் அதற்கு 5 முகமூடிகள் உயிராகத் தரப்படும். சாதாரண அடி ஒன்றுக்கு ஒரு முகமூடி போகும். எல்லாம் தீர்ந்தால் நைட் இறந்துவிடும். அதுவரை சேர்த்த ஜியோ என்னும் பணம் இறந்த இடத்திலேயே தங்கிவிடும். திரும்பச் சென்று அதனை மீட்பதற்குள் மறுபடியும் இறந்தால் அத்தனை பணமும் போய்விடும். ஆகவே கால் வினாடித் தவறு ஒரு மணி நேர உழைப்பைப் பறித்துவிடலாம்.

சுவர் தாவல்

மாண்டிஸ் கிளா என்ற நகம் கிடைத்த பின் இது இயங்கும். கீ போர்டில் Z கீ குதிப்பதற்கு. குதித்து, சுவர் இருக்கும் பக்கத்து அம்புக்குறிக் கீயை அழுத்தினால் நைட் சுவரில் ஒட்டிக் கொண்டு மெதுவாக வழுக்கி இறங்கும். அப்போது மறுபடி Z அழுத்தினால் சுவரை உதைத்து எதிர்ப்பக்கம் தாவும்.

உதைத்த உடனே ஒரு நொடிப்பொழுது, நீங்கள் எந்த அம்புக்குறியை அழுத்தினாலும் கேம் அதனை ஏற்காது. நைட் சுவரை விட்டு விலகுவதற்கான நேரம் அது. பிறகுதான் உங்கள் கீ வேலை செய்யும். இதை அறியாமல் பதறி இரு பக்கக் கீகளையும் மாற்றி மாற்றித் தட்டுபவர்கள்தான் கீழே விழுகிறார்கள். சுவர் பக்கத்து அம்புக்குறியை விடாமல் அழுத்திக் கொண்டு Z கீயை மட்டும் நிதானமாகத் தட்டுங்கள். நைட் விலகிப் போய், தானாகவே அதே சுவருக்குத் திரும்பும். ஒரே ஒரு சுவரில் உச்சி வரை இப்படி ஏறிவிடலாம்.

காற்றுப் பாய்ச்சல்

மாத்விங் க்ளோக் என்ற மேலங்கி கிடைத்ததும் C கீயை அழுத்திப் பாயலாம். ஒரு பாய்ச்சல் சுமார் கால் வினாடி நீடிக்கும். இதற்கு இரண்டு தடைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

முதல் தடை கூல்டவுன், அதாவது காத்திருப்பு நேரம். ஒரு பாய்ச்சல் தொடங்கி சுமார் 0.6 வினாடி ஆகும் வரை அடுத்தது வராது. இரண்டாவது தடை எண்ணிக்கை. காற்றில் இருக்கும்போது ஒரு முறைதான் பாயலாம். தரையைத் தொட்டாலோ, சுவரில் ஒட்டினாலோ, கீழ்நோக்கி வாள் வீசி எதிரியின் மேல் துள்ளினாலோ அந்த உரிமை திரும்பக் கிடைக்கும்.

ஓர் அகலமான பள்ளத்தை எடுத்துக் கொள்வோம். நடுவில் ஒரு தூண் நிற்கிறது. விளிம்பிலிருந்து குதித்து, உச்சியில் C அழுத்தித் தூணை அடைகிறீர்கள். தூணில் ஒட்டியதும் எண்ணிக்கைத் தடை நீங்கிவிட்டது. Z அழுத்தி உதைத்து ஏறி, தூணின் மேல் நின்று மறுபடி குதித்துப் பாய்ந்தால் அக்கரை சேரலாம். தூணைத் தொடாமல் அதன் மேலாகவே பறந்து சென்று C அழுத்தினால் எத்தனை முறை தட்டினாலும் பயன் இல்லை. பாய்ச்சல் வராதபோது உங்களையே இரண்டு கேள்விகள் கேளுங்கள். போன பாய்ச்சலுக்குப் பின் தரையையோ சுவரையோ தொட்டேனா? தொட்டிருந்தால், மிக விரைவாக அழுத்திவிட்டேனா? விடை இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அடி படாத நேரம்

சாதாரணப் பாய்ச்சலில் எதிரியின் மேல் மோதினால் அடி படும். பின்னால் கிடைக்கும் ஷேட் க்ளோக் என்ற கறுப்பு மேலங்கி இதை மாற்றுகிறது. இதை அணிந்து பாய்ந்தால் அந்தக் கால் வினாடியில் எதிரியையும் அவன் வீசுவதையும் ஊடுருவிச் செல்லலாம். ஆனால் முள், அமிலம் போன்ற இடத்தின் ஆபத்துகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். கறுப்புப் பாய்ச்சலின் காத்திருப்பு நேரம் 1.5 வினாடி. சாதாரணப் பாய்ச்சலுக்கு 0.6 வினாடிதான். இடைப்பட்ட நேரத்தில் C அழுத்தினாலும் நைட் பாயும். ஆனால் அது பாதுகாப்பு இல்லாத பழைய பாய்ச்சல்.

எதிரி ஒருவன் உங்கள் மேல் பாய்ந்து வருகிறான். நீங்கள் கறுப்புப் பாய்ச்சலில் அவனைக் கடக்கிறீர்கள். அவன் திரும்பி, ஒரு வினாடி கழித்து மறுபடி வருகிறான். நீங்கள் C அழுத்துகிறீர்கள். 0.6 வினாடி கடந்துவிட்டதால் நைட் பாய்கிறது. 1.5 வினாடி ஆகாததால் நேராக அவன் மேல் மோதி ஒரு முகமூடியை இழக்கிறது. இரண்டாவது முறை அவனைக் குதித்துத் தாண்டி, மூன்றாவது முறை பாய்வதே சரி.

கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. கறுப்புச் சக்தி மீண்டதும் கரிய புகை போன்ற துகள்கள் நைட்டின் உடலில் வந்து சேரும். நான் எதிரியைப் பார்ப்பதை விட அந்தத் துகள்களைத்தான் அதிகம் கவனிக்கிறேன். கறுப்பு நிழல் இல்லாமல் பாய்ந்தால் அது சாதாரணப் பாய்ச்சல் என்று தெரிந்து கொள்ளலாம்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அடி பட்ட பின் சுமார் 1.3 வினாடி நைட் மினுங்கும். அந்த நேரத்தில் எதிரியால் மறுபடி அடிக்க முடியாது. மூலையில் மாட்டிக் கொண்டால் அந்த மினுங்கும் நேரத்திலேயே எதிரியைக் கடந்து வெளியே வந்துவிடுங்கள்.

கீ போர்டையும் சோதியுங்கள்

விலை குறைந்த சில கீ போர்டுகள் மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விட்டுவிடும். ஆபத்தில்லாத இடத்தில் நின்று, வலது அம்புக்குறியையும் Z கீயையும் அழுத்தியபடியே C அழுத்திப் பாருங்கள். பின் இடது அம்புக்குறியுடன் அவ்வாறே செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாய்ச்சல் வரவில்லை என்றால் குறை கீ போர்டில் உள்ளது. OPTIONS சென்று KEYBOARD பிரிவில் பாய்ச்சலுக்கு வேறு கீயைத் தந்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். இரு பக்கமும் சரியாகப் பாய்ந்தால் அந்தக் கீயையே வைத்துக் கொள்ளலாம்.