ஒரே குழாய் ரத்தம், இரண்டு கேள்விகள்

நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் தன்மை இருப்பதை லேமான், கட்பஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-ல் அறிவித்தார்கள். இந்தியாவில் இந்த நோய்க்கூறு கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. அன்றைக்கு அவர்கள் பார்க்க முடிந்தது ரத்தத்தின் சிவப்பணுக்களைத்தான். ஆக்சிஜன் குறைந்ததும் அணுக்கள் பிறைபோல வளைந்தால் ‘இருக்கிறது’, வளையாவிட்டால் ‘இல்லை’. அந்த வளைவுக்குக் காரணமான மரபணுவையே நேரில் பார்ப்பதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு வழி திறந்தவர் எடின்பரோவில் பணியாற்றிய எட்வின் சதர்ன். 1975-ல் அவர் வெளியிட்ட முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: சதர்ன் பிளாட்டிங்.

சிக்கல் என்ன என்பதை எண்ணிக்கையில் பார்த்தால்தான் அந்த முறையின் அருமை புரியும். மனிதனின் மரபுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் GAG என்றிருக்க வேண்டிய இடத்தில் GTG என்று ஒரேயோர் எழுத்து மாறியதுதான் அரிவாள் செல் நோய். சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் டி.என்.ஏ. 10 மைக்ரோகிராம் என்றால், அதில் நாம் தேடும் துண்டின் எடை சுமார் 4 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் நான்கு பங்கு! மீதியெல்லாம் வேறு சங்கதி.

முதல் வேலை, டி.என்.ஏ.வை வெட்டுவது. அதற்குக் கண்டமேனிக்கு வெட்டாமல், குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டும் நொதிகள் இருக்கின்றன. எம்எஸ்டி-2 என்ற நொதி CCTNAGG என்ற வரிசையில் வெட்டும். நடுவில் உள்ள N எந்த எழுத்தாகவும் இருக்கலாம். நல்ல பீட்டா மரபணுவில் அந்த இடம் CCTGAGG. வெட்டு விழும். அரிவாள் செல் மரபணுவில் அதுவே CCTGTGG ஆகிவிடுவதால் நொதி அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடும். விளைவு: நல்ல மரபணு 1,150 எழுத்து நீளத் துண்டாகவும், அதன் அருகே 200 எழுத்துச் சிறு துண்டாகவும் பிரியும்; நோய் மரபணு வெட்டுப்படாமல் 1,350 எழுத்து நீளத்தில் ஒரே துண்டாக நிற்கும். ஓர் எழுத்து மாற்றம் இப்படி நீள வித்தியாசமாகிவிடுகிறது. நீளத்தை அளப்பது எளிது.

வெட்டிய டி.என்.ஏ.வை அகரோஸ் ஜெல் என்ற கூழ்ப் பலகையின் குழிகளில் விட்டு மின்சாரம் செலுத்தினால் சிறு துண்டுகள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து நீளவாரியாகப் பிரிந்துவிடும். ஆனால் சாயமேற்றிப் புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே தீற்றல்தான் தெரியும். லட்சக்கணக்கான துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்தக் கும்பலில் பீட்டா மரபணு எங்கே?

இங்கேதான் சதர்னின் யோசனை. ஜெல்லைக் காரக் கரைசலில் ஊறவைத்தால் டி.என்.ஏ.வின் இரட்டை இழைகள் பிரிந்து ஒற்றை இழைகளாகும். பிறகு நடுநிலைப்படுத்தி, உப்புக் கரைசல் நிரம்பிய தட்டில் தடித்த வடிதாள் ஒன்றைப் பாலமாகப் போட்டு, அதன்மேல் ஜெல், ஜெல்லின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, அதற்கும் மேல் கைதுடைக்கும் காகிதங்களை ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, உச்சியில் அரைக் கிலோ எடை வைப்பார்கள். மை உறிஞ்சும் தாளைப் போல உலர்ந்த காகிதங்கள் கரைசலை மேலே இழுக்க, கரைசலோடு டி.என்.ஏ.வும் ஏறிவந்து சவ்வில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இரவெல்லாம் இது நடக்கும். காலையில் பிரித்தால் ஜெல்லில் இருந்த வரிசை மாறாமல் சவ்வுக்கு வந்திருக்கும். பிறகு 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டுப் பதிய வைப்பார்கள். இவ்வளவு பெரிய அறிவியலுக்குள் ஒரு கட்டுக் கைதுடைக்கும் காகிதம் உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான். ஆனால் காகிதம் ஓரத்தில் தொங்கிக் கீழுள்ள தாளைத் தொட்டுவிட்டால் கரைசல் ஜெல் வழியாக வராமல் குறுக்கு வழியில் ஏறிவிடும், ஓர் இரவு வேலை வீண். சவ்வுக்கடியில் காற்றுக் குமிழி சிக்கினாலும் அந்த இடத்தில் படத்தில் வட்டமாக வெள்ளை விழும்.

அடுத்து வருவது புரோப். பீட்டா மரபணுவின் ஒரு பகுதியை எடுத்து, அதன் எழுத்துகளில் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 சேரும்படி நகலெடுத்தால் அதுதான் அடையாளமிட்ட புரோப். கொதிக்கவைத்து ஒற்றை இழையாக்கி, சவ்வோடு ஒரு பையில் அடைத்து 65 டிகிரி போன்ற வெப்பத்தில் இரவு முழுக்க ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். A-வுக்கு T, G-க்கு C என்ற பொருத்தத்தால் புரோப் தன் ஜோடியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். புரோப் சவ்வின் காலி இடங்களில் ஒட்டாமலிருக்க, சால்மன் மீனின் விந்துவிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை முன்கூட்டியே சவ்வில் நிரப்பிவிடுவது வழக்கம்.

எல்லாவற்றையும் விடக் கைப்பக்குவம் தேவைப்படுவது கழுவலில். பீட்டாவுக்குப் பக்கத்திலேயே டெல்டா குளோபின் என்ற மரபணு உண்டு. இரண்டுக்கும் எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றே. அரைகுறைப் பொருத்தத்தோடு டெல்டாவையும் புரோப் பற்றிக்கொள்ளும். உப்பைக் குறைத்து வெப்பத்தை ஏற்றிக் கழுவினால் பொருத்தம் குறைந்த இணைகள் கழன்று விழும், சரியானவை மட்டும் நிற்கும். கழுவல் போதாவிட்டால் வராத பட்டை வரும். மிஞ்சிப்போனால் வரவேண்டியதும் போய்விடும். பிறகு சவ்வை எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்துக் கட்டி, உறைகுளிரில் ஒரு நாளோ ஒரு வாரமோ வைத்தால் கதிர்கள் ஃபிலிமில் கறுப்புப் பட்டையாகப் பதியும். கதிரியக்கம் வேண்டாம் என்பவர்களுக்கு, டிஜாக்சிஜெனின் என்ற மூலக்கூறை ஒட்டி, எதிர்ப்பொருளும் நொதியும் கொண்டு ஒளிரச் செய்யும் புரோப்களும் வந்துவிட்டன.

ஃபிலிமைப் படிப்பது சுலபம். 1,150 எழுத்து இடத்தில் மட்டும் பட்டை இருந்தால் இரண்டு மரபணுவும் நல்லவை. 1,350-ல் மட்டும் என்றால் நோயாளி. இரண்டிலும் இருந்தால் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது, அதாவது கடத்துபவர். 1982-ல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவிலும் பாஸ்டனிலும் இருந்த குழுக்கள் இதைக் கருவிலிருக்கும் குழந்தைக்குச் செய்துகாட்டின. பனிக்குடநீரில் மிதக்கும் குழந்தையின் செல்கள் போதும். அந்தச் செல்கள் ஹீமோகுளோபினே செய்வதில்லை என்றாலும், மரபணு அவற்றிலும் இருக்கிறதே.

ஒரு பொறி இதில் உண்டு. நொதி சரியாக வேலை செய்யாமல் கொஞ்சம் டி.என்.ஏ. வெட்டுப்படாமல் தங்கிவிட்டால், நல்ல மரபணுவும் 1,350-ல் மங்கலான பட்டையைக் காட்டும். ஒன்றுமில்லாதவரைக் கடத்துபவர் என்று எழுதிவிட நேரும். அதனால் ஒவ்வொரு ஜெல்லிலும் நோயில்லை என்று உறுதியான ஒருவரின் டி.என்.ஏ.வையும் பக்கத்துக் குழியில் ஓடவிடுவார்கள். அங்கேயும் 1,350 தெரிந்தால் குற்றம் நொதியுடையது. இன்னொன்று: ஹீமோகுளோபின்-சி என்ற வேறொரு திரிபில் GAG என்பது AAG ஆகிறது. அது அந்த N இடத்திலேயே விழுவதால் நொதி வழக்கம்போல் வெட்டிவிடும். படத்தில் அது நல்ல மரபணுவாகவே தெரியும்.

மரபணு இருக்கிறதா, எந்த வடிவில் என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதைச் செல் பயன்படுத்துகிறதா? அதற்கு டி.என்.ஏ.வைக் கேட்டுப் பயனில்லை. அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வைக் கேட்க வேண்டும். 1977-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆல்வைன், கெம்ப், ஸ்டார்க் ஆகியோர் இதைச் செய்தார்கள். சதர்ன் என்ற பெயருக்குத் ‘தெற்கத்திய’ என்ற பொருளும் இருப்பதால், விளையாட்டாக இது நார்தர்ன், அதாவது ‘வடக்கத்திய’ பிளாட்டிங் ஆயிற்று. வடக்கு என்று ஒருவர் யாரும் இல்லை.

முறை ஏறத்தாழ அதேதான், ஆனால் ஆர்.என்.ஏ.வுக்குக் காரக் குளியல் ஆகாது. கரைந்து துண்டு துண்டாகிவிடும். வெட்டவும் தேவையில்லை, அது ஏற்கெனவே தன் நீளத்தில்தான் இருக்கிறது. மடிந்து சுருண்டுகொள்ளும் குணத்தை அடக்க ஜெல்லில் ஃபார்மால்டிஹைடு கலப்பார்கள். பெரிய எதிரி, விரல் நுனியிலும் கண்ணாடிச் சாமான்களிலும் இருக்கும் ஆர்.என்.ஏ. சிதைக்கும் நொதி. சிதைந்ததா என்பதை ஜெல்லிலேயே பார்த்துவிடலாம்: ரைபோசோமின் 28எஸ், 18எஸ் என்ற இரண்டு ஆர்.என்.ஏ.க்களும் தெளிவான பட்டையாக, பெரியது சிறியதைப்போல் இரு மடங்கு பிரகாசத்தோடு நிற்க வேண்டும். அடியில் மங்கலாக வழிந்திருந்தால் மேற்கொண்டு தொடர்வதில் அர்த்தமில்லை.

இப்போது ஒரே குழாய் ரத்தத்துக்கு வருவோம். சதர்னுக்கு வேண்டியது வெள்ளணுக்கள், ஏனென்றால் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, டி.என்.ஏ.வும் இல்லை. நார்தர்னுக்கு வேண்டியதோ ரெட்டிகுலோசைட் எனப்படும் இளஞ்சிவப்பணுக்கள். உட்கருவை இழந்த பிறகும் அவற்றில் குளோபின் ஆர்.என்.ஏ. நிறைய மிச்சமிருக்கும். வெள்ளணுக்களின் ஆர்.என்.ஏ.வில் பீட்டா புரோப்பைப் போட்டால் சொல்லும்படியாகப் பட்டை வராது. மரபணு அங்கே இருந்தும் உறங்குகிறது.

அரிவாள் செல் நோயாளியின் இளஞ்சிவப்பணு ஆர்.என்.ஏ.வில் பீட்டா பட்டை சுமார் 700 எழுத்து நீளத்தில் வழக்கமான இடத்தில் நிற்கும். ஓர் எழுத்து மாறியதால் நீளம் மாறவில்லை. இந்த நோயை நார்தர்ன் காண்பதில்லை. தலசீமியாவில் நிலைமை தலைகீழ். இந்தியாவில் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியாத் திரிபில், மரபணுவின் முதல் இடைப்பகுதியில் ஐந்தாவது எழுத்தான G, C ஆகிறது. எம்எஸ்டி-2 வெட்டுமிடம் அப்படியே இருப்பதால் சதர்னில் படம் நல்ல மரபணுவைப் போலவே இருக்கும். ஆனால் ஆர்.என்.ஏ.வை ஒட்டித் தைக்கும் வேலை அங்கே குளறுபடியாகிறது. நார்தர்னில் பீட்டா பட்டை மெலிந்துபோகும். மெலிவு நிஜமா, அல்லது குழியில் குறைவாக விட்டதாலா என்று உறுதி செய்ய, அதே சவ்விலிருந்து பழைய புரோப்பை உரித்துவிட்டு ஆல்பா குளோபின் புரோப்பைப் போடுவார்கள். ஆல்பா கறுப்பாக நின்றால் பீட்டாவின் மெலிவு நிஜம்.

தலசீமியாவிலேயே சதர்ன் பளிச்சென்று காட்டும் வகையும் ஒன்று உண்டு. சிந்தி, பஞ்சாபிக் குடும்பங்களில் காணப்படும் ஒரு திரிபில் பீட்டா மரபணுவின் கடைசிப் பகுதியிலிருந்து 619 எழுத்துகள் காணாமல் போயிருக்கும். பட்டை அந்த அளவுக்குக் கீழே இறங்கி நிற்கும்.

இன்று இந்த நோய்களுக்கெல்லாம் பி.சி.ஆர். முறை சில மணி நேரத்தில் பதில் சொல்லிவிடுகிறது. மைக்ரோகிராம் கணக்கில் டி.என்.ஏ.வும் வேண்டாம், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஆனாலும் சதர்ன் முழுதாக விடைபெறவில்லை. ஃப்ராஜைல்-எக்ஸ் என்ற மனவளர்ச்சிக் குறைபாட்டில் CGG என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல், சிலரிடம் ஆயிரத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. அவ்வளவு நீளத்தை நகலெடுக்க வழக்கமான பி.சி.ஆர். தடுமாறும். மெத்தில் குழு ஏறிய இடத்தை வெட்டாத நொதி ஒன்றைச் சேர்த்துச் சதர்ன் செய்தால், துண்டு எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும் மரபணு அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் ஒரே ஃபிலிமில் தெரிந்துவிடும்.