தீபாவளிச் சரக்குக்குத் தை மாதப் பாலிசியா?

கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், பலர் "இருக்கு, பேங்க்ல போட்டிருக்காங்க" என்பார்கள். எவ்வளவுக்கு என்று கேட்டால் பதில் வராது. கடன் தந்த வங்கி பெரும்பாலும் தன் கடனுக்கு ஈடாகும் தொகைக்குப் பாலிசி எடுக்கச் சொல்லும். ஆனால் இழப்பீட்டைக் கணக்கிடும்போது கடன் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. விபத்து நடந்த நாளில் கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். தை மாதம் பாலிசி போட்டபோது ரேக்கில் இருந்த சரக்கு 20 லட்சம்; பாலிசியும் அதே தொகைக்கு. ஐப்பசியில் தீபாவளிக்காக வாங்கி அடுக்கியதில் சரக்கு 40 லட்சமாகிவிட்டது. அந்த வாரம் மின்கசிவால் தீப்பிடித்து 12 லட்சம் ரூபாய்ச் சரக்கு கருகுகிறது. பாலிசித் தொகை 20 லட்சம் இருப்பதால் 12 லட்சமும் கிடைத்துவிடும் என்று கடைக்காரர் நினைப்பார். 40 லட்சச் சரக்கில் பாதிக்குத்தான் காப்பீடு என்பதால், நட்டத்திலும் பாதி, அதாவது 6 லட்சம்தான் கணக்கில் வரும். மீதி அவர் தலையில்.

சரக்கெல்லாம் எரிந்த பிறகு 40 லட்சம் இருந்தது எப்படித் தெரியும்? சர்வேயர் கணக்குப் புத்தகத்தைக் கேட்பார். ஏப்ரல் 1-ஆம் தேதி இருப்பு 18 லட்சம். அதன்பின் கொள்முதல் 62 லட்சம். விற்பனை 50 லட்சம். விற்பனையில் 20 சதவீதம் லாபம் என்றால், விற்ற சரக்கின் அடக்கவிலை 40 லட்சம். 18-ஐயும் 62-ஐயும் கூட்டி 40-ஐக் கழித்தால் இருப்பு 40 லட்சம். கொள்முதல் பில்லும் ஜிஎஸ்டி கணக்கும் இதற்குச் சாட்சி. இவற்றின் நகல் கடைக்கு வெளியே, ஆடிட்டரிடமோ வீட்டிலோ இருக்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் தெரிகிறது: கணக்கு அடக்கவிலைக்கே, விற்கும் விலைக்கு அல்ல. அதனால் லாபத்தையும் சேர்த்துத் தொகையைக் கூட்டுவது வீண் பிரீமியம். ஆனால் ஜிஎஸ்டியை மறந்துவிடக் கூடாது. எரிந்தோ திருட்டுப்போயோ அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையைத் திருப்பிக் கட்டச் சொல்கிறது சட்டம். அந்த வரியும் நட்டம்தான். பாலிசித் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ள கடைகளுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுப் பாலிசி இருக்கிறது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் இதில் அடக்கம். காப்பீட்டுத் தொகை 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். நம் ஜவுளிக்கடையில் குறைவு 50 சதவீதம். அந்தச் சலுகை அதைக் காப்பாற்றாது. எனவே தொகையை வருடத்தின் உச்சச் சரக்குக்கு வைப்பது நல்லது. இல்லையென்றால், பண்டிகைச் சரக்கு வந்து இறங்கும் முன்பே எழுதிக் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்டித் தொகையை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

திருட்டுக்குத் தனிக் காப்பு வேண்டும். தீயோ வெள்ளமோ வந்த சந்தடியில் 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே மேற்சொன்ன பாலிசியில் சேரும். மற்றபடி பர்க்லரி பாலிசியோ, கடைக்காரர் பேக்கேஜ் பாலிசியில் அந்தப் பிரிவோ எடுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கனம் உண்டு. எந்தத் திருடனும் ஒரே இரவில் 40 லட்சம் ரூபாய்த் துணியையும் அள்ளிப்போக மாட்டான். அதனால் மொத்த மதிப்பைச் சொல்லிவிட்டு, அதில் 25 சதவீதம் போன்ற ஒரு பங்குக்கு மட்டும் காப்பு கேட்கலாம். நகைக்கடைக்கும் செல்போன் கடைக்கும் இது பொருந்தாது. அங்கே ஒரு பையில் பாதிக் கடை போய்விடும். ஷட்டரை நெம்பியதோ பூட்டை உடைத்ததோ தெரிய வேண்டும். வாடிக்கையாளர் போல வந்து சேலையைச் சுருட்டிப் போனதும், வேலையாள் கைவைத்ததும் இதில் வராது.

சரக்குச் சேதத்திலும் எல்லை உண்டு. தெருவெள்ளம் உள்ளே புகுந்தால் கிடைக்கும். ஓட்டையான கூரை மாதக்கணக்கில் ஒழுகிப் பூஞ்சை பூத்ததற்கும், எலி கடித்ததற்கும், தேதி முடிந்த சரக்குக்கும் கிடைக்காது.

இன்று பாலிசியை எடுத்து, சரக்குக்கு எவ்வளவு தொகை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். போன தீபாவளிக்கு முந்தின வார இருப்புக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். பாலிசித் தொகை குறைவாக இருந்தால், புதுப்பிக்கும் தேதிக்குக் காத்திருக்காமல் உயர்த்திவிடுங்கள்.