ரசீது எண் 196 எங்கே?

மே மாதத்தின் இரண்டாவது வாரம். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிவரும் ஒரு சிறிய அறக்கட்டளையின் நிர்வாக அறங்காவலருக்கு ஆடிட்டரிடமிருந்து இரண்டு பக்கக் குறிப்பு வருகிறது. “ஐயா, 31.3.2024 அன்று முடிந்த ஆண்டின் கணக்குகளைப் பார்த்தோம். கீழ்க்கண்ட நன்கொடை ரசீதுகள் ரொக்கப் புத்தகத்தோடும் பாஸ்புக்கோடும் ஒத்துவரவில்லை. வங்கியின் இறுதி இருப்பாகக் காட்டியிருக்கும் ரூ.4,86,350 சரியான தொகை அல்ல. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தேவை.” அதன் கீழே ஆறு இனங்கள்.

இந்த அறக்கட்டளை ஒரு மாதிரி. சிறிய அறக்கட்டளைகளுக்குப் போகும் தணிக்கைக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதற்காக எண்களைப் பொருத்தியிருக்கிறோம். இப்படியொரு தாள் கைக்கு வந்ததும் பெரும்பாலான அறங்காவலர்கள் பதறுவது ஒரே கேள்வியில்தான்: யாராவது பணத்தை எடுத்துவிட்டார்களா? ஆனால் குறிப்பில் உள்ள ஆறும் ஆறு வகை. ஒன்று தவறே இல்லை. ஒன்று கைத்தவறு. ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

தவறே இல்லாததை முதலில் பார்த்துவிடலாம். ரசீது எண் 214, காசோலை, ரூ.25,000. மார்ச் 30 அன்று நன்கொடையாளர் கொடுத்தார். அன்றே வங்கியில் போட்டார்கள். அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. ஏப்ரல் 1 அன்று வங்கிகள் தங்கள் ஆண்டுக் கணக்கை முடிப்பதால் பொதுமக்களுக்குச் சேவை இல்லை. ஆகவே பணம் கணக்கில் ஏறியது ஏப்ரல் 2-ஆம் தேதி. அறக்கட்டளையின் புத்தகத்தில் மார்ச் வரவு, பாஸ்புக்கில் ஏப்ரல் வரவு. இரண்டுமே சரி. காசோலை பிற்பாடு பணமாகிவிட்டால், அதைக் கொடுத்த நாளே பணம் கொடுத்த நாளாகக் கொள்ளப்படும் என்பதை 1954-இல் ஓகலே கிளாஸ் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பிறகு ஆடிட்டர் ஏன் இதைக் குறித்தார்? அறக்கட்டளை அவரிடம் கொடுத்தது மார்ச் 31 வரையிலான பாஸ்புக் நகல் மட்டும். ஏப்ரல் முதல் வாரப் பக்கத்தைப் பார்க்காமல், அந்தக் காசோலை பணமானதா, திரும்பியதா, வங்கிக்குப் போகவே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்க நகலைக் கொடுத்தால் தீர்ந்துபோகிற கேள்வி இது.

அடுத்தது ரசீது எண் 178. இதுவும் காசோலைதான், ரூ.10,000. ஜனவரியில் வங்கியில் போட்டதும் வரவு வந்தது. இரண்டு நாள் கழித்துக் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பிவிட்டது. பாஸ்புக்கில் முதலில் வரவு, பிறகு அதே தொகை பற்று, அதன் கீழே காசோலை திரும்பியதற்கான கட்டணம். கணக்கு எழுதுபவர் அந்தக் கட்டணத்தை மட்டும் ‘வங்கிக் கட்டணம்’ என்று கவனமாக எழுதியிருக்கிறார். எதற்காகப் பிடித்தார்கள் என்று அந்த வரிக்கு நேர் மேலே பார்க்கவில்லை. திரும்பிய பத்தாயிரமும் புத்தகத்தில் நன்கொடையாகவே நிற்கிறது, ரசீதும் ரத்தாகவில்லை. வங்கிக் கட்டணப் பேரேட்டில் இப்படித் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் சிறு தொகைகளை அனுபவப்பட்ட ஆடிட்டர்கள் முதலிலேயே தேடுவார்கள். அதைப் பிடித்தால் திரும்பிய காசோலை கிடைத்துவிடும்.

இதற்கு நேர் எதிர் பிப்ரவரியில் வந்த ரூ.15,000. வங்கியில் பணம் இருக்கிறது, ரசீது இல்லை. பாஸ்புக்கில் பாதியில் அறுந்த ஒரு பெயரும் யுடிஆர் எண்ணும் மட்டும் தெரிகின்றன. “யாரும் ரசீது கேட்டு வரலை சார், அதனால எழுதாம விட்டுட்டேன்” என்கிறார் கணக்கு எழுதுபவர். அவர் மறைக்கவில்லை, யார் பெயரில் எழுதுவது என்று தெரியாமல் ஒத்திப்போட்டார், ஒத்திப்போட்டது மறந்துபோயிற்று. பெயர் தெரிகிற வரை ‘அனாமத்து’ என்று ஒரு தலைப்பில் வரவு வைத்திருக்க வேண்டும். யுடிஆர் எண்ணை வைத்து, பணம் எந்த வங்கியிலிருந்து வந்தது, யாரிடம் விசாரிக்கலாம் என்று தங்கள் வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கேட்டிருக்கலாம்.

இந்த இரண்டும் ஏன் மே மாதத்திலேயே தீர வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 80ஜி சலுகை பெற்ற அறக்கட்டளை, ஆண்டு முழுக்க யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை 10பிடி படிவத்தில் வருமான வரித்துறைக்குத் தர வேண்டும். கெடு மே 31. அந்தப் பட்டியலிலிருந்துதான் நன்கொடையாளருக்கான 10பிஇ சான்றிதழ் உருவாகிறது. பத்தாயிரம் ரூபாய்க் காசோலை திரும்பியவரின் பெயர் பட்டியலில் போனால், கொடுக்காத பணத்துக்கு அவருக்கு வரிவிலக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். பதினைந்தாயிரம் அனுப்பியவரின் பெயர் போகாவிட்டால், கொடுத்த பணத்துக்கு அவருக்குச் சான்றிதழ் இல்லை. தவறாகத் தந்த பட்டியலைப் பிறகு திருத்தித் தாக்கல் செய்ய வழி உண்டு. ஆனால் கெடு தாண்டித் தாக்கல் செய்தால் நாளொன்றுக்கு ரூ.200 கட்டணம். சரிபார்க்காத பட்டியலைக் கெடுவுக்குள் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது, நம்பிக் கொடுத்தவர்களைப் பிற்பாடு வரித்துறைக்குப் பதில் சொல்ல வைப்பதில்தான் முடியும்.

இனி அந்த இறுதி இருப்பு.

ஆடிட்டரின் கண்ணில் முதலில் பட்டது 4,86,350 அல்ல. வரவுப் பக்கத்தின் கடைசியில் ‘இதர வரவு ரூ.18,000’ என்றிருந்த ஒற்றை வரி. அதற்கு ரசீது இல்லை, பாஸ்புக்கில் அப்படியொரு தொகை வரவில்லை, யார் கொடுத்தது என்றும் எழுதவில்லை. பதினெட்டாயிரத்தை ஒன்பதால் வகுத்தால் மீதமில்லாமல் போகிறது. கணக்கு எழுதும் இடங்களில் எல்லோரும் அறிந்த பழைய சோதனை இது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால், வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 68-ஐ 86 என்று எழுதினால் வித்தியாசம் 18. ஆயிரங்களில் அந்தத் தவறு நடந்தால் 18,000. ஆனால் ஒன்பதால் வகுபடுகிற எல்லா வித்தியாசமும் இப்படி வந்தது என்று சொல்லிவிட முடியாது. எங்கே தேட வேண்டும் என்று கைகாட்டும், அவ்வளவுதான்.

தேடினார். ரொக்கப் புத்தகத்தின் மார்ச் கடைசிப் பக்கத்தில் வங்கி இருப்பு பென்சிலில் தெளிவாக இருக்கிறது: 4,68,350. ஆண்டுக் கணக்குக்கு எடுத்து எழுதும்போது அது 4,86,350 ஆகிவிட்டது. எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேரவில்லை, பதினெட்டாயிரம் இடிக்கிறது. இரவு நேரம், மறுநாள் ஆடிட்டரிடம் கொடுத்தாக வேண்டும். இதர வரவு என்று ஒரு வரி எழுதினால் கணக்கு சேர்ந்துவிடும். எழுதிவிட்டார்.

இந்தக் குறிப்பிலேயே மிகவும் கவலை தருவது இந்த வரிதான் என்பது இக்கட்டுரையின் கருத்து. இலக்கம் மாறுவது யாருக்கும் நேரும். ஆனால் வராத ஒரு வரவை எழுதிக் கணக்கைச் சேர்த்தபோது, தவறைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே அடையாளம் அழிந்துவிட்டது. கூடவே, அந்த அறக்கட்டளை வாங்காத நன்கொடையை வாங்கியதாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகிறது.

சரியான இருப்பு எவ்வளவு? புத்தகத்தின் 4,68,350-இல் தொடங்கலாம். திரும்பிய காசோலை ரூ.10,000-ஐக் கழித்து, எழுதாமல் விட்ட ரூ.15,000-ஐக் கூட்டினால் 4,73,350. இப்போது மறுமுனையிலிருந்து வரலாம். மார்ச் 31 அன்று பாஸ்புக் காட்டும் இருப்பு 4,48,350. வங்கியில் போட்டும் இன்னும் ஏறாத 214-ஆம் ரசீதின் ரூ.25,000-ஐக் கூட்டினால் அதே 4,73,350. அறக்கட்டளை கொடுத்த காசோலைகள் எல்லாம் மார்ச்சுக்குள் பணமாகிவிட்டதால் வேறு கூட்டல் கழித்தல் இல்லை. பள்ளியில் வணிகவியல் படித்தவர்கள் இதை வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று படித்திருப்பார்கள். அரைப் பக்க வேலை. மாதா மாதம் போட்டிருந்தால் ஜனவரிக் காசோலை பிப்ரவரியிலேயே தெரிந்திருக்கும்.

வங்கிக் கணக்கு சேர்ந்துவிட்டது. ஆனால் குறிப்பில் இன்னும் இரண்டு இனங்கள் இருக்கின்றன. இரண்டுமே ரொக்கம் சார்ந்தவை. பாஸ்புக்கை எத்தனை முறை புரட்டினாலும் அவை அங்கே தெரியாது.

ரசீது எண் 191-க்கு அடிக்கட்டை இருக்கிறது. ரொக்கம் ரூ.5,000 என்று எழுதியிருக்கிறது. ரொக்கப் புத்தகத்தில் அந்த வரவு இல்லை. ரூ.2,000-க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு 80ஜி விலக்கு கிடையாது என்பதால், கொடுத்தவர் சான்றிதழ் கேட்டு வருவதற்கும் வாய்ப்பு குறைவு. அடிக்கட்டையை வரிசையாகப் புரட்டிப் பார்க்கும் ஒருவர் இல்லாவிட்டால் இது வெளியே வந்திருக்காது. விசாரித்தபோது, ஆண்டு விழா நாளில் ஒரு தன்னார்வலர் அந்த ரசீதைப் போட்டதும், அந்தப் பணத்திலேயே சாப்பாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டதும் தெரிந்தது. சாப்பாட்டு பில்லும் கிடைத்தது. வரவு ஐயாயிரம், செலவு ஐயாயிரம் என இரண்டையும் எழுதியாக வேண்டும். வந்த பணம் முதலில் முழுதாகப் புத்தகத்தில் ஏறி, பிறகுதான் செலவாக வேண்டும் என்று ஆடிட்டர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறார்.

196-இன் கதை வேறு. புத்தகத்தில் 195 இருக்கிறது, 197 இருக்கிறது. இடையில் தாளும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை. தைத்த இடத்தில் கிழிந்த ஓரம் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுதும்போது பிழையாகிக் கிழித்துப் போட்டிருக்கலாம். அப்படியானால் குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதி, மேல் தாளை அடிக்கட்டையோடு சேர்த்துப் பின் குத்தியிருக்க வேண்டும். அது இல்லாதபோது அந்த ரசீதில் நூறு ரூபாய் எழுதப்பட்டதா, ஒரு லட்சமா என்பதை ஆடிட்டராலும் சொல்ல முடியாது. தணிக்கையின் எல்லை அங்கே வந்துவிடுகிறது. அவரால் முடிந்தது, திருப்தியான விளக்கம் கிடைக்காவிட்டால் தணிக்கை அறிக்கையிலேயே அதைக் குறிப்பிட நேரும் என்று எழுதுவதுதான். அதையும் எழுதியிருக்கிறார்.

அறங்காவலர் பத்து நாளில் பதில் அனுப்பினார். ஏப்ரல் மாதப் பாஸ்புக் பக்கம், 178-ஐ ரத்து செய்ததற்கான கடிதம், சாப்பாட்டு பில், பதினைந்தாயிரம் அனுப்பியவரைப் பற்றி வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகல், இதர வரவு வரியை நீக்கித் திருத்திய கணக்கு எல்லாம் அதில் இருந்தன. 196-க்கு நேரே அவர் எழுதியது: “புத்தகத்தைக் கையாண்ட மூவரிடமும் எழுத்து மூலம் விளக்கம் கேட்டுள்ளோம். இந்த எண்ணுள்ள ரசீது யாரிடமாவது இருந்தால் தெரிவிக்குமாறு நன்கொடையாளர்கள் எல்லோருக்கும் கடிதம் போகிறது. தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறோம்.” மூவரில் இருவர் பதில் தந்துவிட்டார்கள்.