அறுபது விநாடியில் தீபாராதனை

கோயில் பூசையில் இறைவன் திருமேனிக்கு முன் விளக்கொளியைச் சுற்றிக் காட்டுவது தீபாராதனை. சிவாலயங்களில் அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம் ஆகியவற்றுக்குப் பிறகு இது வருகிறது. அலங்காரம் நடக்கும்போது கருவறை வாசலில் திரை போட்டிருப்பார்கள். திரை விலகியதும் மணி ஒலிக்கும். அடுக்குத் தீபம், பஞ்ச தீபம் எனக் கோயிலின் வசதிக்கேற்பச் சில விளக்குகளைக் காட்டி, கடைசியில் கற்பூரம் காட்டுவார்கள். பிறகு அந்தத் தட்டு வெளியே வரும். நிற்பவர்கள் சுடருக்கு மேல் கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விபூதி வாங்குவார்கள். கோயிலுக்குப் போயிருக்கும் எந்தப் பிள்ளையும் இதைப் பார்த்திருக்கும் என்பதால், காட்சியை விவரிக்க நேரம் செலவிட வேண்டியதில்லை. ஒரு நிமிடக் காணொளி முழுவதையும் பொருளுக்கே கொடுத்துவிடலாம்.

ஆனால் எந்தப் பொருளை? தீபாராதனைக்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கங்கள் பல. அது இறைவனுக்குச் செய்யும் பதினாறு உபசாரங்களில் ஒன்று. மணியோசை கவனம் சிதறாமல் காக்கிறது. கற்பூரம் மிச்சமின்றி எரிவதுபோல ‘நான்’ என்ற எண்ணம் எரிய வேண்டும். ஒளி அறிவின் அடையாளம். எல்லாமே மரபில் உள்ளவைதான். நான்கையும் அறுபது விநாடியில் அடைத்தால் பார்க்கும் பிள்ளைக்கு ஒன்றும் நிற்காது. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்; அதுவும் கண்ணால் பார்த்ததிலிருந்தே புரியக்கூடியதாக இருக்க வேண்டும்.

பலரும் முதலில் எடுப்பது கற்பூர விளக்கம். அழகான விளக்கம், ஆனால் சிறுவர்களிடம் அது எளிதில் தடுக்கி விழும். கற்பூரம் சாம்பல் வைக்காது என்பது உண்மை. அது சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. புகைக்கரி மட்டும் நிறையவே வரும். அதன் சுடர் அவ்வளவு மஞ்சளாக ஒளிர்வதற்கே அதிலுள்ள கரித்துகள்கள் சூட்டில் ஒளிவிடுவதுதான் காரணம். ‘எதுவுமே மிஞ்சாது’ என்று சொல்லிக் கேட்ட பிள்ளை, தட்டின் அடியில் படிந்த கரியைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் சொன்னவர் பாடு திண்டாட்டம். அதோடு, நெய் விளக்கு மட்டும் காட்டும் கோயிலுக்கு இந்த விளக்கம் பொருந்தவும் செய்யாது.

இதைவிட அடிப்படையானது கருவறையின் இருட்டு. மரபுப்படி கட்டிய கருவறைக்கு ஜன்னல் இல்லை, ஒரே வாசல், உள்ளே எண்ணெய் விளக்கின் மங்கிய வெளிச்சம். வாசலுக்கு வெளியே, அர்த்தமண்டபத்துக்கும் அப்பால் நிற்பவருக்குத் திருமேனி தெளிவாகத் தெரிவது தீபம் காட்டும் அந்தச் சில நொடிகளில்தான். சைவ சித்தாந்தமும் உயிரை மறைக்கும் ஆணவத்தை இருட்டோடு ஒப்பிட்டே பேசுகிறது. உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனில் அதற்கென்றே ‘இருள்மல நிலை’ என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆக, பார்க்கும் காட்சியும் தத்துவமும் இங்கே ஒரே இடத்தில் கூடுகின்றன. காணொளி பிடித்துக்கொள்ள வேண்டிய இழை இதுதான்.

பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் வாசகம் இப்படி அமையலாம்:

“கோயில் கருவறையைக் கவனித்திருக்கிறீர்களா? அதற்கு ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு வாசல். உள்ளே இருட்டு. கரண்ட் இல்லாத காலத்தில், வெளியே நிற்பவருக்குச் சாமி முகம் எப்படித் தெரியும்? குருக்கள் விளக்கை மெல்லச் சுற்றுகிறார். பாதம் தெரிகிறது. மாலை தெரிகிறது. முகம் தெரிகிறது. சாமி இப்போதுதான் வந்தாரா? இல்லை. இருட்டிலும் அங்கேதான் இருந்தார். நமக்குத்தான் தெரியவில்லை. நம் மனதுக்குள்ளும் அப்படி ஓர் இருட்டு இருக்கிறது, அது விலகினால் உள்ளே இருக்கும் கடவுள் தெரிவார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடைசியில் அந்தச் சுடர் தட்டில் நம்மிடம் வருகிறது. அதன்மேல் கையை நீட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சாமியைக் காட்டிய வெளிச்சம் எனக்கும் வேண்டும் என்று கேட்கிறோம்.”

நிதானமாகச் சொன்னால் இது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ‘முகம் தெரிகிறது’ என்ற இடத்தில் பேச்சை நிறுத்தி மணியோசையை மட்டும் கேட்கவிடவும் இரண்டு மூன்று விநாடி மிஞ்சும். ஆணவம், மலம், உபசாரம், மூலவர் ஆகிய சொற்கள் இதில் இல்லை. ஆணவத்தைத் ‘தலைக்கனம்’ என்று மாற்றிச் சொல்லும் வழக்கம் உண்டு. அது எளிமைதான், ஆனால் பொருளைச் சுருக்கிவிடுகிறது. சித்தாந்தம் சொல்லும் ஆணவம், தலைக்கனம் இல்லாதவரிடமும் இருக்கும் அறியாமை. ‘மனதுக்குள் இருக்கும் இருட்டு’ என்பது அதைவிட எளிது, சரியும்கூட. ‘என்று பெரியவர்கள் சொன்னார்கள்’ என்ற தொடரை நேரத்துக்காக வெட்டிவிடக் கூடாது. கருவறையில் ஜன்னல் இல்லை என்பது யாரும் போய்ப் பார்க்கக்கூடிய செய்தி. மனத்திருட்டு என்பது ஒரு மரபின் நம்பிக்கை. அந்த ஒரு தொடர்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. கற்பூரப் புகை கிருமிகளை ஒழிக்கும், மணியின் அதிர்வு மூளையை விழிக்கச் செய்யும் என்பவை இத்தகைய காணொளிகளில் வழக்கமாக நுழைந்துவிடுகின்றன. சடங்கின் பொருள் என்ன என்று கேட்டவருக்கு அவை பதில் அல்ல. கற்பூரத்தை உடம்புக்கு நல்லது என்று பிள்ளைகளிடம் சொல்வது ஆபத்தும்கூட: விழுங்கினால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரும் அளவுக்கு அது நச்சு.

படம் பிடிப்பதில் இன்னொரு சிக்கல். கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது; மூலவரைப் படம் எடுப்பது அதற்கு முன்பும் வழக்கமில்லை. எனவே கருவறைக் காட்சியை வரைந்து காட்டுவதே வழி. கறுப்புத் திரையில் சிறு சுடர் ஒன்று நகர, அது போகும் இடம் மட்டும் துலங்கும் ஓவியம் இந்த வாசகத்துக்கு நிழற்படத்தைவிடப் பொருத்தமாகவே இருக்கும். சுடர் கடிகார முள்ளின் திசையில் சுற்ற வேண்டும். எங்கே எத்தனை சுற்று என்ற கணக்கு கோயிலுக்குக் கோயில் மாறும் என்பதால், எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லாமல் விடுவது நல்லது. வெளியே வரும் தட்டையும் ஒற்றிக்கொள்ளும் கையையும் வீட்டுப் பூசையறையிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

வெளியிடுமுன் ஒரு பிள்ளையிடம் ஒருமுறை மட்டும் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டால் குறை தெரிந்துவிடும். ‘அந்தக் காலத்தில் கரண்ட் இல்லை, அதனால் விளக்கு காட்டினார்கள்’ என்பதோடு பதில் நின்றால், முதல் பாதி இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது இன்னொரு விளக்கத்தைக் கூட்ட வேண்டாம். கரண்ட் பற்றிய வரியை எடுத்துவிட்டு, ‘இருட்டிலும் அங்கேதான் இருந்தார்’ என்ற வரிக்குப்பின் சற்று நிறுத்திச் சொன்னால் போதும்.