நாவல் கறைக்குச் சோப்பு போடாதீர்கள்

ஆனி, ஆடி மாதங்களில் தள்ளுவண்டியில் நாவல்பழம் வந்துவிட்டால், பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டைகளும் பாழாகத் தொடங்கும். பழம் சட்டையைப் பாழாக்குவதில்லை. பழச்சாறு பட்டபின் வீட்டில் நாம் செய்வதுதான் பாழாக்குகிறது. ஆண்டுதோறும் ஒரே வரிசைதான்: முதலில் சோப்புக் கட்டியால் தேய்ப்பு, அடுத்து பிரஷ், அப்புறம் வெந்நீர், கடைசியில் பிளீச்சிங் பவுடர். ஊதாவாக இருந்த கறை கருநீலமாகி, பழுப்பாகி, துணியும் நைந்து கிழிகிறது.

நாவல் கறையையும் பீட்ரூட் கறையையும் ஒன்றென்று எண்ணுவதுதான் முதல் தவறு. கண்ணுக்கு இரண்டும் ஊதா. உள்ளே இருக்கும் நிறமிகள் வேறு. நாவலில் இருப்பது ஆந்தோசயனின். அது புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். கட்டிச் சோப்பும் சலவைச் சோடாவும் காரம். அதனால்தான் சோப்பு பட்டவுடன் கறை கறுத்ததுபோல் தெரிகிறது. நாவலில் துவர்ப்புப் பொருளும் உண்டு. காரமும் காற்றும் சேர்ந்தால் அது பழுப்பேறும். துருத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில், அந்தத் துவர்ப்பு இரும்புடன் சேர்ந்து மைபோலக் கருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கறையை மட்டும் கேன் தண்ணீரில் அலசுங்கள்.

பீட்ரூட்டின் நிறமி பீட்டாலைன். அது தண்ணீரில் நன்றாகக் கரையும், வெளிச்சத்தில் வெளிறும். உடனே கவனித்தால் பெரும்பகுதி பச்சைத் தண்ணீரிலேயே போய்விடும். ஆனால் சட்டையில் சிந்தியது பீட்ரூட் பொரியல் என்றால் அதில் எண்ணெயும் மஞ்சளும் இருக்கும். ஊதா போனபின் சோப்பு பட்டதும் செக்கச்செவேலென்று ஒன்று எழும். பீட்ரூட் திரும்பி வந்துவிட்டதென்று பதறி பிளீச்சிங் பவுடரை எடுப்பவர்கள் பலர். அது மஞ்சள்தூள். சோப்பை நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டால் வெளிறிவிடும்.

ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டையில் நாவல்சாறு பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்க்க வேண்டாம். உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு சட்டையை உட்புறமாகத் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரைக் குழாயில் விடுங்கள். முன்பக்கமிருந்து விட்டால் நிறம் இழைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். தண்ணீர் நிறமில்லாமல் வடிந்ததும் எலுமிச்சைச் சாறு, அல்லது ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கறை சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், அது சரியான அடையாளம். ஏற்கெனவே சோப்பு போட்டு நீலமாகிவிட்டதா? அப்போதும் இதையே செய்யுங்கள், அன்றைக்கே செய்தால் பெரும்பாலும் மீட்கலாம். பிறகு நன்றாக அலசிவிட்டு, திரவ சோப்பில் மென்மையாகக் கசக்கி மறுபடி அலசுங்கள்.

இதன்பிறகும் மங்கலாக ஒரு தடம் நிற்கும். அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். புட்டியில் 6 சதவீதம் அல்லது 20 வால்யூம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து பாதியாக்குங்கள். 3 சதவீதம் என்றிருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். முதலில் சட்டையின் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். நிறம் மாறவில்லை என்றால் கறையில் விட்டு அரைமணி நேரம் கழித்து அலசுங்கள். முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடவே கூடாது. சூடு பட்டபின் மிச்சக் கறை பிடிவாதமாகிவிடும். பீட்ரூட்டுக்கும் இதே வழிதான், எலுமிச்சைப் படி மட்டும் வேண்டாம்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. எலுமிச்சையோ வினிகரோ பட்ட துணியின்மேல் பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் ஆசிட் சேர்ந்தால் இன்னும் மோசம். கறை போகாத எரிச்சலில், கதவு மூடிய குளியலறையில், கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே வாளியில் ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் நிற்கவே இல்லை. கண் எரிந்து இருமல் வந்தால் வாளியைத் தொடாமல் வெளியே வாருங்கள். மூச்சு திணறினால் 108-ஐ அழையுங்கள். வினிகரையும் பெராக்சைடையும்கூட ஒரே பாத்திரத்தில் கலக்க வேண்டாம். இடையில் அலசுவது அதற்காகத்தான்.

சட்டைக் கழுத்திலோ பக்கத் தையலிலோ உள்ள சிறு துணிச்சீட்டைப் பலரும் உறுத்துகிறது என்று வாங்கிய அன்றே வெட்டி எறிகிறார்கள். வெட்டுங்கள், ஆனால் எறியாதீர்கள். அதில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். வெறும் முக்கோணம் என்றால் எந்த பிளீச்சும் தாங்கும். உள்ளே இரண்டு சாய்கோடுகள் இருந்தால் பெராக்சைடு வகை மட்டும், குளோரின் கூடாது. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் எதுவும் கூடாது. பட்டு, கம்பளித் துணிகளில் குளோரின் பிளீச் பட்டால் இழையே அரிக்கும். சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றில் குளோரின் வேண்டாம்.

துணியில் மட்டுமல்ல, பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகையிலும் பீட்ரூட் கறை பிடிக்கும். அங்கே நிறம் தங்குவது கத்திக் கீறல்களில்தான். வெட்டி முடித்ததும், சமையலைக் கவனிக்கப் போகுமுன், பச்சைத் தண்ணீரில் கழுவினால் பாதி வேலை முடிந்தது. பிடித்துவிட்டதென்றால் திரவ சோப்புடன் பிரஷைக் கீறல் ஓடும் திசையில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு டிஷ்யூ தாளைக் கறையின்மேல் விரித்து, அதே 3 சதவீதப் பெராக்சைடில் நனைத்து, காயாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையால் மூடி இரண்டு மணி நேரம் விடுங்கள். கழுவி வெயிலில் நிறுத்தினால் பீட்ரூட் நிறம் மேலும் வெளிறும். மங்கலான ஊதாத் தடத்தால் உணவுக்குக் கேடில்லை, கேடு கீறலில்தான். பிரஷ் போட்டுத் தேய்த்தும் அழுக்கு வெளியே வராத ஆழமான பள்ளங்கள் இருந்தால், பலகை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கறை பட்டது வெளிர்நிறப் பட்டுப்புடவையில் என்றால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, உலர்சலவைக் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே நாம் வாய்மூடி நீட்டுவதும் அவர்கள் துண்டுச்சீட்டைக் கிழித்துத் தருவதும் போதாது. என்ன கறை, எப்போது பட்டது, வீட்டில் என்ன போட்டீர்கள் என்று சொல்லுங்கள். ரசீதில் துணியின் வகை, நிறம், கறை இருக்கும் இடம், புடவையின் மதிப்பு ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். கொடுக்குமுன் போட்டோ எடுங்கள், வாங்கிய பில்லையும் வைத்திருங்கள். துணி கெட்டு வந்தால், குறையை அதே ரசீதில் குறித்துக் கையெழுத்து கேளுங்கள். தர மறுத்தால் அன்றே எழுத்தில் புகார் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று ரசீதின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்த வரி அங்கே இருப்பதால் மட்டும் மனு கொடுக்கும் உங்கள் உரிமை போய்விடாது.